கிடைத்த படமா, உருவாக்கிய படமா? டோம்பிவிலி மலருக்கு ஓர் அட்டைப்படம்

தீபாவளி காலையில் டோம்பிவிலி கிழக்கில் பட்கே ரோட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கைபேசியைத் தூக்காத கை கிடையாது. புதுத்துணி உடுத்திய இளவட்டம் தெருவை நிறைத்திருக்கும். குடி பாட்வா அன்று 1999 முதல் நடந்துவரும் ஊர்வலத்திலும் அப்படியே. பொங்கல், ஐயப்பன் பூஜை, பள்ளி ஆண்டு விழா என்று எதை எடுத்தாலும் ஊரே புகைப்படக்காரர். அப்படியும், இங்குள்ள தமிழ் அமைப்பு எதுவாவது பொங்கல் மலர் போட உட்காரும்போது முதலில் எழும் கேள்வி, “அட்டைக்குப் படம் எங்கே?” என்பதுதான்.

ஊரில் படத்துக்குப் பஞ்சமில்லை. அச்சில் போடலாம் என்று எழுத்தில் அனுமதி உள்ள படத்துக்குத்தான் பஞ்சம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பலருக்குத் தெரிவதில்லை. “நெட்டில் கிடக்கிறது, எடுத்துப் போடு” என்பார் ஒருவர். “எதற்கு வம்பு, ஏஐ-யில் போட்டால் நொடியில் புதுசாகவே வந்துவிடும்” என்பார் இன்னொருவர். முதலாமவர் உரிமம் என்ற ஒன்று இருப்பதையே மறக்கிறார். இரண்டாமவர், புதிதாக உருவாக்கினால் உரிமம் தேவையில்லை என்று நினைக்கிறார். இரண்டுமே தவறு.

ஒரு மலரை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்ப்போம். ஏ4 அளவு, 1,000 பிரதி. அட்டையில் டோம்பிவிலி ஸ்டேஷனின் காலை நேரக் கூட்டம் வேண்டும். மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று இருந்த குடும்பங்கள் வீட்டு விலைக்கு அஞ்சி ரயில் பாதையோடு தள்ளித் தள்ளி இங்கே வந்து சேர்ந்த கதைதான் மலரின் மையம். உள்ளே நகைக்கடை, பில்டர், கேட்டரிங் விளம்பரங்கள் இருக்கும். மலர் பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பிலும் சுற்றும். விழா மண்டப வாசலில் அதே படம் ஃபிளெக்ஸ் ஆகும். அந்த ஃபிளெக்ஸில் விளம்பரதாரர் தன் கடைப் பெயரையும் போட்டுக் கேட்பார். ஒரே படத்துக்கு இப்படி நான்கு விதப் பயன்பாடு. இவற்றில் எது செல்லும், எது செல்லாது என்று சொல்வது படத்தின் அழகு அல்ல, உரிமம்.

ஒன்றும் எழுதாவிட்டால் பூட்டுதான்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். ஷட்டர் விழுந்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டாம், ஓரத்தில் முத்திரை போட வேண்டாம். ஆகவே ஒரு படத்தின் கீழே எதுவும் எழுதவில்லை என்றால் “யாரும் எடுக்கலாம்” என்று பொருளில்லை. “கேட்காமல் தொடாதே” என்று பொருள்.

“பழைய படம்தானே” என்பதும் முன்போல் எடுபடாது. புகைப்படத்துக்கு மட்டும், வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்று முன்பு தனிக் கணக்கு இருந்தது. 2012 திருத்தம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. மற்றப் படைப்புகளைப் போலவே இப்போது எடுத்தவரின் ஆயுளும், அவர் மறைந்த பின் 60 ஆண்டும். நடப்புச் செய்தியை வெளியிடவும் விமர்சனம் எழுதவும் சட்டம் கொஞ்சம் இடம் தருகிறது. விளம்பரம் வாங்கி அச்சிடும் மலரின் அட்டை அந்த இடத்துக்குள் அடங்காது.

சங்கங்களுக்கு நேரடியாகப் பயன்படும் பிரிவு ஒன்று உண்டு: 17(b). ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், காசு வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, காசு கொடுத்தவர். போன வருடப் பொங்கலுக்கு ஸ்டுடியோக்காரரைப் பேசி அழைத்து வந்திருந்தால், அந்தப் படங்களின் உரிமை சங்கத்துக்கு. அதே விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆசைக்கு எடுத்துக் குழுவில் போட்ட படங்கள் அவருடையவை. அவரை எல்லோருக்கும் தெரியும், அவர் மறுக்கப்போவதும் இல்லை. ஆனாலும் “போட்டுக்கொள்ளுங்கள், விளம்பரத்திலும் பயன்படுத்தலாம்” என்று ஒரு வரி எழுத்தில் வாங்கிவைப்பதுதான் முறை. ஐந்து வருடம் கழித்து நிர்வாகக் குழு மாறியிருக்கும். வாய்ப்பேச்சு யாருக்கும் நினைவிருக்காது.

தேடும்போது வரும் நான்கு எழுத்துகள்

நம் வீட்டிலேயே படம் இல்லை என்றால், உரிமத்தோடு வெளியிட்ட படங்களைத் தேட வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தவை. இந்தியச் சட்டத்துக்கேற்ற வடிவம் 2007 ஜனவரியில் நம் பக்கத்துப் பவாயில், ஐஐடி பம்பாயில்தான் வெளியானது. இன்று புழக்கத்தில் இருப்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான 4.0 பதிப்பு.

தேட நல்ல இடம் விக்கிமீடியா காமன்ஸ். தேடல் பெட்டியில் `Dombivli railway station` என்று இட்டு, உரிம வடிகட்டியைத் தொட்டால் போதும். கூகுள் படத் தேடலில் `Tools`, அதற்குள் `Usage Rights`, அதற்குள் `Creative Commons licenses`. ஃபிளிக்கரில் `Commercial use & mods allowed` என்ற வடிகட்டி. வடிகட்டாமல் தேடினால் ஆயிரம் படம் வரும். வடிகட்டினால் விரல் விட்டு எண்ணலாம். அந்தச் சில படங்கள்தான் உண்மையில் நமக்குக் கிடைத்தவை.

இனி ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள எழுத்துகளை நம் நான்கு பயன்பாடுகளோடு உரசிப் பார்க்க வேண்டும்.

`BY` என்றால் எடுத்தவர் பெயரைச் சொல். அதைச் சொன்னால் அட்டை, பிடிஎஃப், ஃபிளெக்ஸ், விளம்பரம் எதற்கும் தடையில்லை. பெயரை அட்டை மேலேயே போட வேண்டியதில்லை. உள்பக்கத்திலோ பின்னட்டையிலோ தெளிவாக இருந்தால் சரி. ஆனால் “நன்றி: கூகுள்”, “நன்றி: இணையம்” என்று போடுவது பெயர் சொன்னதாகாது. அது, “யாருடையது என்று பார்க்கவில்லை” என்று நாமே அச்சடித்துக் கொடுக்கும் வாக்குமூலம்.

`SA` வந்தால், படத்தை மாற்றினால் மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். இதைக் கேட்டதும் பலர் பயந்து ஒதுங்குவார்கள், மலர் முழுவதையும் இலவசமாக விட வேண்டியிருக்குமோ என்று. அமெரிக்காவில் இதே கேள்வி கோர்ட்டுக்குப் போனது. கப்பா மேப் குரூப் என்ற நிறுவனம், ஃபிளிக்கரில் `CC BY-SA 2.0` உரிமத்தில் கிடைத்த படத்தை ஒரு வரைபட நூலின் அட்டையில் போட்டு, பின்னட்டையில் பெயரும் சொன்னது. நூல் முழுவதையும் அதே உரிமத்தில் விட்டிருக்க வேண்டும் என்று எடுத்தவர் வழக்குப் போட்டார். வாஷிங்டன் நீதிமன்றம் 2015-இல் அதை ஏற்கவில்லை: நூல் என்பது பல படைப்புகளின் தொகுப்பு, படத்தின் உரிமம் பக்கத்து வரைபடங்கள் மேல் ஏறாது. நம் மலருக்கும் இதே வாதம் பொருந்தும். கட்டுரைகளும் கவிதைகளும் எழுதியவர்களுடையவையாகவே இருக்கும். ஸ்டேஷன் படத்தின் வானத்தை வெட்டி, நிறம் கூட்டி, மேலே பொங்கல் பானை ஒட்டினால், அந்த ஒட்டுப்படம் மட்டும் `CC BY-SA` ஆகிறது. அதை அடுத்த ஊர்ச் சங்கம் எடுத்துப் போட்டால் நாம் சண்டைக்குப் போக முடியாது, அவ்வளவுதான்.

`NC` என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. “நாங்கள் லாபம் பார்க்காத சங்கம்” என்று சொல்லித் தப்பிக்க நினைப்பது இங்கேதான். உரிமம் ஆளைப் பார்ப்பதில்லை, செயலைப் பார்க்கிறது. முதன்மையாக வணிக ஆதாயத்தையோ பணத்தையோ நோக்கியதா என்பதுதான் அளவுகோல். கட்டணம் கட்டிய விளம்பரங்கள் நிறைந்த மலர் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. விளம்பரதாரர் பெயர் ஏறிய ஃபிளெக்ஸ் கோட்டைத் தாண்டியே விட்டது. அப்படிப்பட்ட படத்தை விட்டுவிட வேண்டும், அல்லது எடுத்தவருக்கு எழுதிக் கேட்க வேண்டும். அச்சகம் நம்மிடம் காசு வாங்குகிறதே, அது வணிகம் ஆகாதா என்று ஒரு சந்தேகம் வரும். ஆகாது. பள்ளிகளுக்காக `NC` பாடப்புத்தகத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு நகலெடுத்துக் கொடுத்த ஃபெட்எக்ஸ் கடைமீது கிரேட் மைண்ட்ஸ் என்ற பதிப்பகம் தொடுத்த வழக்கில், 2018-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. யாருக்காக, எதற்காக அச்சாகிறது என்பதுதான் கணக்கு.

`ND` என்றால் மாற்றாதே. அளவைச் சுருக்கலாம், கோப்பு வகையை மாற்றலாம். ஆனால் ஆளை வெட்டி எடுத்து வேறு பின்னணியில் ஒட்டி வெளியிட முடியாது. ஸ்டேஷன் படத்தோடு மாட்டுங்கா படத்தையும் சேர்த்து ஒட்டுப்படம் செய்ய நினைத்தால் `ND` படம் எதுவும் உதவாது. `BY-SA` ஒன்றையும் `BY-NC-SA` ஒன்றையும் ஒட்டுவதும் ஆகாது, இரண்டுமே “என் உரிமத்தில் விடு” என்று இழுக்கும்.

தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் பதிப்பைப் பொறுத்தது. 4.0 உரிமத்தில், மீறல் தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாக மீண்டுவிடும். 2.0 போன்ற பழைய பதிப்புகளில் அந்த அவகாசம் இல்லை. நிபந்தனையை மீறிய உடனே உரிமம் முறிகிறது. பெயரை அரைகுறையாகப் போட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பணம் கேட்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அந்தப் பழைய பதிப்புகளைத்தான் விரும்புகிறார்கள். ஆகவே எழுத்துகளைப் படிக்கும்போது கூடவே எண்ணையும் படியுங்கள்.

உரிமமே பொய்யாக இருந்தால்?

யாரோ எடுத்த படத்தைச் சுட்டு, தன்னுடையது என்று ஃபிளிக்கரில் ஏற்றி, தாராள உரிமம் போட்டு வைப்பவர்கள் உண்டு. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் தர முடியாது. அந்த உரிமத்தை நம்பி அச்சடித்தவருக்கு அது கேடயமும் ஆகாது.

இதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. படப் பக்கத்தின் அடியில் கேமரா மாதிரி, எடுத்த தேதி, லென்ஸ் விவரம் இருக்கிறதா பாருங்கள். வாட்ஸ்அப் வழியே வந்து ஏறிய படத்தில் அவை உதிர்ந்திருக்கும், அளவும் சுருங்கியிருக்கும். ஏற்றியவரின் மற்றப் படங்களைப் பாருங்கள். ஒன்றில் இமயமலை, ஒன்றில் கிரிக்கெட் வீரர், ஒன்றில் நடிகையின் ஸ்டுடியோ படம், ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு என்றால் விலகிவிடுங்கள். பிறகு `Google Lens` அல்லது `TinEye`-இல் அதே படத்தைப் போட்டுத் தேடுங்கள். இதைவிடப் பெரிய அளவில், இதைவிட முந்தைய தேதியில், ஒரு செய்தி நிறுவனத்தின் பக்கத்தில் அது கிடைத்தால் உண்மையான சொந்தக்காரர் யார் என்பது தெரிந்துவிடும். ஃபிளிக்கரிலிருந்து காமன்ஸுக்கு வந்த படமானால், “இந்தத் தேதியில் இந்த உரிமம் இருந்தது” என்று சரிபார்த்த குறிப்பு பக்கத்திலேயே இருக்கும். பின்னாளில் எடுத்தவர் ஃபிளிக்கரில் உரிமத்தை மாற்றினாலும் முன்பு தந்த அனுமதி போகாது. அதை நிரூபிக்க அந்தக் குறிப்பு வேண்டும்.

“விக்கிப்பீடியாவில் இருந்தால் எல்லாம் இலவசம்” என்பதும் பொறி. டோம்பிவிலி என்றால் தமிழர் பலருக்கு நினைவு வருவது ‘டோம்பிவிலி ஃபாஸ்ட்’ என்ற 2005 மராத்திப் படம். மாதவன் நடிக்க 2007-இல் தமிழில் ‘எவனோ ஒருவன்’ ஆனது. இப்படிப்பட்ட சினிமா போஸ்டர்களை ஆங்கில விக்கிப்பீடியா நியாயப் பயன்பாடு என்ற பெயரில், அந்தந்தக் கட்டுரைக்கு மட்டும், சிறிய அளவில் வைத்திருக்கும். உரிமை தயாரிப்பாளருடையது. மலரின் அட்டைக்கு அது நகராது. படத்தைத் தொட்டு அதன் தனிப் பக்கத்துக்குப் போய் உரிமத்தைப் படித்தால் இது தெரிந்துவிடும்.

படத்தில் இருப்பவர் அனுமதி தந்தாரா?

உரிமம் தருபவர் எடுத்தவர். படத்தில் இருப்பவர் வேறு ஆள். இந்த இடத்தில் சறுக்கிய பெரிய உதாரணம் வர்ஜின் மொபைல் ஆஸ்திரேலியா. 2007-இல் அந்த நிறுவனம் ஃபிளிக்கரிலிருந்து `CC BY` உரிமப் படங்களை எடுத்துப் பேருந்து நிறுத்த விளம்பரங்களில் ஒட்டியது. அதில் ஒன்று அமெரிக்காவின் டெக்ஸாஸைச் சேர்ந்த பள்ளி மாணவியின் படம். தேவாலய நிகழ்ச்சி ஒன்றில் அவளுக்குத் தெரிந்தவர் எடுத்தது. `BY` உரிமம் வணிகத்துக்கு அனுமதி தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை; கிண்டலான வாசகத்தோடு தன் முகம் இன்னொரு கண்டத்தின் தெருவில் தொங்குவது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. குடும்பம் வழக்குப் போட்டது. ஆஸ்திரேலிய நிறுவனத்தை டெக்ஸாஸ் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்ற காரணத்தால் 2009-இல் வழக்கு தள்ளுபடியானதே தவிர, அவர்கள் செய்தது சரி என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை.

நம் நாட்டில் இதற்கான அடிப்படைத் தீர்ப்பே ஒரு தமிழ் வார இதழால் வந்தது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது தொடர்பாக ‘நக்கீரன்’ போட்ட வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் சுதந்திரத்தைக் காத்தது. அதே தீர்ப்பில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்றும் சொன்னது. 2015-இல் ரஜினிகாந்த் தன் பெயரும் பாணியும் ஓர் இந்திப் படத்தில் பயன்படுவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றதும் இந்த வழியில் வந்ததே.

ஆகவே ஸ்டேஷன் கூட்டத்தின் பொதுவான காட்சி மலர் அட்டையில் வரலாம். அதில் ஒரு பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிந்து, பக்கத்தில் நகைக்கடைப் பெயர் ஏறினால் கதை வேறு. நடைமேம்பாலத்திலிருந்து எடுத்த படம், முதுகுப்புறம் தெரியும் கூட்டம், இவைதான் நம் நான்கு பயன்பாட்டுக்கும் தோதானவை.

உருவாக்கிய படத்தின் உரிமம் எங்கே இருக்கிறது?

இனி இரண்டாமவரின் யோசனை. “டோம்பிவிலி ஸ்டேஷன், காலை எட்டு மணி, கூட்டம்” என்று எழுதினால் ஏஐ கருவி படம் தந்துவிடும். பார்க்கவும் பளபளப்பாக இருக்கும். அருகே வைத்துப் பாருங்கள். மஞ்சள் பெயர்ப்பலகையில் தேவநாகரி போல ஏதோ நெளியும். வாசித்தால் எழுத்தாக இருக்காது. லோக்கல் வண்டியின் முகப்பு எந்த ஊர் மெட்ரோவினுடையதோ. மேல்கம்பி வண்டியைத் தொடாமல் வானத்தில் முடிந்துவிடும். தினமும் அந்த பிளாட்பாரத்தில் நிற்கும் வாசகருக்கு இது தன் ஊர் இல்லை என்று பார்த்ததும் தெரியும்.

அளவும் இடிக்கும். ஏ4 அட்டையை 300 டிபிஐ-யில் அச்சிட 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். பல கருவிகள் இயல்பாகத் தருவது 1024-க்கு 1024. அது அச்சில் சுமார் 8.7 சென்டிமீட்டர்தான். பெரிதாக்கும் மென்பொருள் உண்டு, ஆனால் அது இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. 12 மெகாபிக்சல் கைபேசியின் படம் 3000-க்கு 4000, ஏ4-க்குத் தாராளம்.

உரிமத்துக்கு வருவோம். உருவாக்கிய படத்தின் உரிமம் படத்தின் கீழே இருக்காது. நாம் படிக்காமல் “ஒப்புக்கொள்கிறேன்” என்று தட்டிய சேவை விதிமுறையில் இருக்கும். கருவிக்குக் கருவி அது மாறும், கட்டணத் திட்டத்துக்குத் திட்டமும் மாறும். மிட்ஜர்னி தொடக்கக் காலத்தில், காசு கட்டாதவர்கள் உருவாக்கிய படங்களை `CC BY-NC 4.0` உரிமத்தில்தான் தந்தது. இலவசக் கணக்கில் செய்த படத்தை அன்று யாராவது விளம்பர ஃபிளெக்ஸில் போட்டிருந்தால், `NC` படத்தைத் திருடியவருக்கும் அவருக்கும் வேறுபாடில்லை. படம் எந்தத் தேதியில், எந்தக் கணக்கில், எந்தத் திட்டத்தில் உருவானதோ அந்த நாளின் விதிமுறையைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து வைப்பது இதனால்தான் முக்கியம்.

விதிமுறை “படம் உன்னுடையது” என்று சொன்னாலும் கதை முடியவில்லை. கருவி நிறுவனம் தன் உரிமையை விட்டுத்தருகிறது, அவ்வளவே. சட்டம் அதில் உரிமை என்று ஒன்றை ஒப்புக்கொள்கிறதா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மனித ஆசிரியர் இல்லாத படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று உறுதிசெய்தது. நம் சட்டத்தில் 1994 திருத்தத்தின்படி, கணினி உருவாக்கிய படைப்பின் ஆசிரியர் “அதை உருவாக்கச் செய்தவர்”. அன்று யாரும் இன்றைய கருவிகளை நினைத்து அதை எழுதவில்லை. ‘சூர்யாஸ்த்’ என்ற படத்துக்கு 2020-இல் இந்தியப் பதிப்புரிமை அலுவலகம், ஒரு ஏஐ செயலியையும் இணை ஆசிரியராகக் காட்டிப் பதிவு தந்தது. அடுத்த ஆண்டே பதிவைத் திரும்பப் பெறப்போவதாக நோட்டீஸ் அனுப்பியது. இந்த நிலையில், உருவாக்கிய படத்தைச் சங்கத்தின் நிரந்தர முத்திரையாக வைத்துக்கொள்வது ஆபத்து. நாளை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தினால் தடுக்க நம் கையில் உறுதியான பிடி இருக்காது.

மூன்றாவது சிக்கல் பழைய படங்களிலிருந்தே வருகிறது. கெட்டி இமேஜஸ் நிறுவனம் ஸ்டெபிலிட்டி ஏஐ மீது லண்டனில் வழக்குப் போட்டதற்கு ஒரு காரணம், கருவி உருவாக்கிய சில படங்களில் கெட்டியின் நீர்முத்திரையே மங்கலாக வந்து நின்றதுதான். 2025 நவம்பரில் வந்த தீர்ப்பில் பெரும்பாலான விஷயங்களில் கெட்டி தோற்றது. ஆனால் அந்த நீர்முத்திரை வந்த சில படங்களில் வணிகக்குறி மீறல் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. உருவாக்கிய படத்தின் மூலையில் முத்திரை போல எதுவாவது நெளிந்தால் அந்தப் படத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

இதைவிட அன்றாடம் நடக்கும் தவறு இன்னொன்று. காமன்ஸில் கிடைத்த படத்தைக் கருவியில் ஏற்றி, “கார்ட்டூன் போல மாற்று”, “கூட்டத்தை அதிகமாக்கு” என்று கேட்பது. வெளியே வருவது புதுப் படம் என்று நினைக்கிறார்கள். மூலப் படம் அடையாளம் தெரிகிற அளவில் இருந்தால், அது அந்தப் படத்தின் மாற்று வடிவம்தான். மூலம் `ND` என்றால் வெளியிட முடியாது. `SA` என்றால் அதே உரிமம் தொடரும். `BY` என்றால் எடுத்தவர் பெயரோடு “மாற்றப்பட்டது” என்றும் சொல்ல வேண்டும். கருவி வழியே போய்வந்ததால் உரிமம் கழுவப்பட்டுவிடாது.

மலருக்கு எடுத்த முடிவு

இத்தனையும் வைத்துப் பார்த்தால் முடிவு தெளிவாகிறது. அட்டையில் வருவது உண்மையான ஊர், உண்மையான ஸ்டேஷன், அங்கே உண்மையாக வாழ்ந்த மக்களின் கதை. அதற்குப் புகைப்படம்தான் வேண்டும். உருவாக்கிய படத்தை அங்கே வைத்தால், இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து மலரைப் புரட்டும் பேரப்பிள்ளை அதைத் தன் பாட்டி நின்ற பிளாட்பாரம் என்று நம்பும். நடக்காததை நடந்ததாகக் காட்டும் அந்தப் பொய்க்கு எந்த உரிமமும் அனுமதி தர முடியாது. சிறுவர் பக்கத்துக் கதைக்குப் பறக்கும் லோக்கல் ரயில் வேண்டுமா, உருவாக்கிக்கொள்ளலாம். கீழே “ஏஐ கருவியால் உருவாக்கியது” என்று போட்டால் வாசகர் ஏமாற மாட்டார். இல்லாததை வரையக் கருவி, இருப்பதைக் காட்டக் கேமரா.

காமன்ஸில், நடைமேம்பாலத்திலிருந்து எடுத்த `CC BY-SA 4.0` படம் ஒன்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். கேமரா விவரம் இருக்கிறது, முகங்கள் தெரியவில்லை, அளவு போதும். அப்போது உள்பக்கத்தில் வர வேண்டிய வரி இது:

அட்டைப்படம்: “(படத்தின் தலைப்பு)”, எடுத்தவர் (பெயர்), விக்கிமீடியா காமன்ஸ், உரிமம் `CC BY-SA 4.0`, ஓரம் வெட்டப்பட்டு நிறம் மாற்றப்பட்டது. இந்த வடிவமும் அதே உரிமத்தில்.

தலைப்பு, எடுத்தவர், கிடைத்த இடம், உரிமம், செய்த மாற்றம்: இந்த ஐந்தும் இருந்தால் வரி முழுமை. பிடிஎஃப் பதிப்பில் உரிமத்தின் பெயரைத் தொட்டால் அதன் பக்கத்துக்குப் போகும்படி இணைப்பு வைக்க வேண்டும். ஃபிளெக்ஸின் கீழ் ஓரத்திலும் சிறிய எழுத்தில் எடுத்தவர் பெயரும் உரிமமும் வர வேண்டும். மலரில் போட்டது அங்கே செல்லாது. படப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு மலரின் கோப்புறையில் சேமித்தால், பிறகு யார் கேட்டாலும் பதில் இருக்கும்.

அப்படி ஒரு படம் கிடைக்கவில்லை என்றால்? ஊரே புகைப்படக்காரர் என்றோமே, அவர்களில் ஒருவரைக் கேட்பதுதான் மிச்சமுள்ள வழி, பல நேரம் அதுவே முதல் வழி. உறுப்பினர் ஒருவர் ஸ்டேஷனை வெளியே தெருவிலிருந்து எடுக்கட்டும். ரயில்வே வளாகத்துக்குள் வணிக நோக்கில் படமெடுக்க முன்அனுமதி வேண்டும். கட்டடத்தையும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையையும் படமெடுத்து வெளியிடப் பிரிவு 52 இடம் தருகிறது. சுவரோவியத்துக்கும் சினிமா பேனருக்கும் அந்தச் சலுகை இல்லை, ஆகவே அவை சட்டகத்தை நிறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடுத்தவர் விரும்பினால் அந்தப் படத்தை `CC BY` உரிமத்தில் காமன்ஸில் ஏற்றலாம். ஏற்றும் முன் ஒன்றை அவருக்குச் சொல்லிவிட வேண்டும்: கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. நாளை ஒரு பில்டர் அதே படத்தைத் தன் விளம்பரத்தில் போடலாம், எடுத்தவர் பெயரைச் சொன்னால் போதும். அது பிடிக்காதவர் சங்கத்துக்கு மட்டும் எழுத்தில் அனுமதி தந்து நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் முழுமையான உரிமம்தான். எத்தனை பிரதி, எந்தெந்த வடிவம், விளம்பரத்தோடு சேர்த்தா இல்லையா, எத்தனை ஆண்டு என்று நான்கு வரியில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டால் சட்டம் கேட்பது அதோடு முடிந்தது.

டோம்பிவிலித் தமிழர் வாழ்வைக் காட்டும் படங்கள் உரிமத்தோடு மிகக் குறைவாகவே பொதுவெளியில் கிடைக்கின்றன. அதனால்தான் மலருக்கு மலர், திருடிய படமும் பொய்யான படமும் அந்த இடத்தை நிரப்புகின்றன. இந்தப் பொங்கலுக்குப் படமெடுப்பவர்கள் பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு படத்தை எழுத்திலான உரிமத்தோடு வைத்துவிட்டுப் போனால், அடுத்த மலரின் ஆசிரியர் குழு யாரிடமும் கெஞ்சவும் வேண்டாம், எந்தக் கருவியிடமும் தன் ஊரை ஊகித்து வரையச் சொல்லவும் வேண்டாம்.